கிலுகிலுப்பை: பட்டியலில் ‘0–12 மாதம்’, பெட்டியில் ‘3 வயதுக்கு மேல்’. எதை நம்புவது?

மலர்விழி
குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. எதைப் பிடித்தாலும் நேராக வாய்க்குத்தான். இணையத்தில் ஒரு கிலுகிலுப்பை பார்த்து வைத்திருக்கிறேன். மரக் கைப்பிடி, ஒரு முனையில் கலகலக்கும் உருண்டை, நடுவில் சிலிக்கான் வளையமும் நான்கு மர மணிகளும். தலைப்பில் “0–12 மாதம், பல் முளைக்கும் குழந்தைக்கு” என்று இருக்கிறது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், குறுக்கே கோடு, “0-3” என்று எழுத்து. பக்கத்தில் `CE` முத்திரை. அதற்கும் கீழே “FDA approved silicone”.

விவரப் பகுதியில் இருக்கும் அளவுகள்: மொத்த நீளம் 110 மி.மீ., உருண்டை 42 மி.மீ., கைப்பிடி அகலம் 28 மி.மீ., மணி 20 மி.மீ. சட்டையில் மாட்ட ஒரு நாடாவும் வருகிறது, 34 செ.மீ. மதிப்பீடு 4.6. வாங்கலாமா?

சுந்தரி அம்மா
அந்த 0-3 படம் பூஜ்யத்திலிருந்து மூன்று வயது வரை என்று சொல்கிறது கண்ணு, பயப்படாதே. சிலிக்கானை மட்டும் வந்ததும் பார்த்துக்கொள். முறுக்கிப் பிடித்தால் வெள்ளைக் கோடு விழக்கூடாது. விழுந்தால் கலப்படம். விழாவிட்டால் சுத்தமான சரக்கு, தைரியமாகக் கொடுக்கலாம்.

கதிரவன்
சுந்தரி அம்மா, அந்தப் படத்துக்குப் பொருள் நேர் எதிரானது. குறுக்கே கோடு போட்ட முகம் என்றால் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதே என்று எச்சரிக்கை. பல பேர் அதைப் பச்சைக்கொடி என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மலர்விழி, உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த ஒரு படத்திலேயே இருக்கிறது. பொம்மையின் வயது என்பது விற்பவர் விருப்பப்படி ஒட்டும் சீட்டு இல்லை. எந்தெந்தச் சோதனையில் அது தேற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்த வயதுதான். மூன்று வயதுக்குக் கீழே என்று அறிவித்தால் சிறு பாகச் சோதனையில் தேறியாக வேண்டும். 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை, சாய்வான அடி, ஆழம் ஒரு பக்கம் 25.4 மறுபக்கம் 57.1 மி.மீ. பொம்மையோ, இழுத்துத் திருகி விழவைத்த பிறகு கழன்று வரும் எந்தத் துண்டோ, அழுத்தாமலே அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால் தோல்வி. குழந்தையின் வாயையும் தொண்டையையும் மனத்தில் வைத்துச் செய்த அளவு அது.

மூன்றுக்கு மேல் என்று அறிவித்துவிட்டால் இந்தச் சோதனை கிடையாது. எச்சரிக்கையை அச்சடித்தால் போதும். அதனால் சில தயாரிப்பாளர்கள் பெட்டியில் 0-3 கோட்டுப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள், இணையத்தில் விற்பவர் தலைப்பில் “0–12 மாதம்” என்று எழுதிவிடுகிறார். பெட்டி சோதனையிலிருந்து தப்புகிறது, தலைப்பு வாடிக்கையாளரைப் பிடிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்றே வெளிப்படையாகத் தெரியும் பொம்மையில் அந்த எச்சரிக்கையைப் போடவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. நான்கு வயதுப் பிள்ளைக்காக யார் கிலுகிலுப்பை வாங்குவார்கள்? ஆகவே கிலுகிலுப்பையில் அந்தப் படம் இருப்பதே, ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்தது என்று சொல்லும் `CE` முத்திரையைப் போட்டவருக்கு அதன் விதி தெரியாது அல்லது அதை மதிக்கவில்லை என்பதற்குச் சான்று. மற்றதைப் பார்க்காமலே இதை ஒதுக்கியிருப்பேன்.

மலர்விழி
நன்றி அண்ணா. சோதனையில் தேறவில்லை என்று அர்த்தமா, சோதித்துப் பார்க்கவே இல்லை என்று அர்த்தமா?

கதிரவன்
இரண்டில் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அளவுகளைக் கொடுத்திருக்கிறீர்கள், அதை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடலாம்.

மணி 20 மி.மீ. உருளை 31.7. தனி மணியாகக் கழன்றால் நிச்சயம் உள்ளே அடங்கும். அப்படியானால் மணியைக் கோத்திருக்கும் கயிறுதான் எல்லாமே. ஐரோப்பிய `EN 71` சோதனையில் இந்த அளவு பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுப்பார்கள், ஏறக்குறைய ஒன்பது கிலோ தொங்கவிட்ட மாதிரி. முடிச்சு மணியின் துளைக்குள் மறைந்திருந்தால் படத்தில் எதுவும் தெரியாது. அதுவும் புதிதாக இருக்கும்போது தாங்கிய கயிறு, எச்சில் ஊறி, கழுவி, காய்ந்து பல வாரம் ஆனபின் அதே பலத்தோடு இருக்காது.

அதைவிட எனக்குக் கவலை தருவது கைப்பிடி. கிலுகிலுப்பைக்கென்றே அமெரிக்காவில் தனி விதி இருக்கிறது, `16 CFR 1510`. 35 மி.மீ.க்கு 50 மி.மீ. அளவில் நீள்வட்டத் துளை, ஆழம் 30 மி.மீ. கிலுகிலுப்பையின் எந்த முனையும் தன் எடையிலேயே அந்தத் துளையின் முழு ஆழத்தையும் தாண்டக்கூடாது. உங்கள் கைப்பிடியின் அகலம் 28. நேரான குச்சி, நீளம் 110. உருண்டை இல்லாத முனை துளைக்குள் தடையில்லாமல் இறங்கி அடியைத் தொட்டுவிடும். ஐரோப்பாவிலும் இதே நோக்கத்தில் ஓர் அளவுச் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. ஐந்து மாதக் குழந்தை மல்லாந்து கிடந்தபடிதான் இதைச் சப்பும். கை தவறினாலோ குப்புறக் கவிழ்ந்தாலோ குச்சி தொண்டைக்குள் இறங்கும், வெளியே எடுக்க அந்த வயதில் தெரியாது. நல்ல கிலுகிலுப்பைகள் வளையமாகவோ இரு முனையும் பருத்தோ இருப்பதற்கு அதுதான் காரணம்.

நாடா பற்றி: சூப்பானைச் சட்டையில் மாட்டும் நாடாவுக்கு ஐரோப்பியத் தரம் வைத்திருக்கும் உச்ச நீளம் 220 மி.மீ. உங்களுடையது 340. கழுத்தைச் சுற்றி வரும் நீளம் அது.

நவநீதன்
அது `CE` கூட இல்லை, “சைனா எக்ஸ்போர்ட்”. இரண்டு எழுத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் சைனா முத்திரை, தள்ளி இருந்தால் ஐரோப்பா. ஒரு நொடியில் கண்டுபிடிக்கலாம்.

கதிரவன்
நவநீதன், இடைவெளி விஷயத்தில் பாதி சரி. `CE` எழுத்துகளை வரைய ஒரு கட்டளை வடிவம் உண்டு. இரண்டு எழுத்தும் வட்டங்களிலிருந்து வெட்டியவை. முதல் வட்டத்தை முழுமையாக வரைந்தால் அது இரண்டாம் எழுத்தின் எல்லை வரை வரும். உயரம் குறைந்தது 5 மி.மீ. இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் கவனக்குறைவாக அச்சிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஆனால் “சைனா எக்ஸ்போர்ட்” என்று ஒரு தனி முத்திரை கிடையாது. அது தவறாக வரைந்த `CE`, அவ்வளவே.

இதில் ஆபத்து எங்கே என்றால், இடைவெளி சரியாக இருந்தால் மெய் என்று ஆகிவிடும் உங்கள் முறைப்படி. சரியான வடிவத்தைக் கோப்பாக இறக்கி ஒட்ட யாராலும் முடியும். பெரும்பாலான பொம்மைகளுக்கு `CE` என்பது தயாரிப்பாளர் தானே செய்யும் அறிவிப்பு. அதற்கு எண் இல்லை, தேடிப் பார்க்கப் பொதுப் பட்டியலும் இல்லை. அந்த முத்திரைக்கு உயிர் கொடுப்பது பக்கத்தில் இருக்கவேண்டிய தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதிரி எண் அல்லது தொகுதி எண். மலர்விழி, படத்தில் அவை இருக்கின்றனவா?

மலர்விழி
தயாரிப்பாளர் பெயரே இல்லை. ஒரு பட்டைக்கோடு, “Made in” என்று நாட்டின் பெயர், அவ்வளவுதான்.

பாலமுருகன்
இதோடு சேர்த்தே கேட்டுவிடுகிறேன். பால் புட்டி ஒன்று வாங்கி வந்துவிட்டது. அடியில் முக்கோணத்துக்குள் 7. ஏழு என்றால் விஷம், ஐந்து என்றால் நல்லது என்கிறார்கள். தூக்கிப் போடட்டுமா?

கதிரவன்
7 என்பது “மற்றவை” என்ற கூடை. பிஸ்பீனால்-ஏ கலந்த பாலிகார்பனேட்டும் அதில்தான் வரும், கொதிநீர் தாங்கும் பிபிஎஸ்யு என்ற நல்ல நெகிழியும் அதில்தான் வரும். 5 பாலிப்புரோப்பிலீன். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அடியிலோ பெட்டியிலோ பொருளின் பெயரே எழுதியிருக்கிறதா பாருங்கள். `PPSU` என்று இருந்தால் பயமில்லை. வெறும் 7 மட்டும், தயாரிப்பாளர் பெயரும் இல்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். ஐரோப்பா 2011இலேயே பால் புட்டியில் பிஸ்பீனால்-ஏவைத் தடுத்துவிட்டது, அமெரிக்கா 2012இல். முறையான தயாரிப்பாளர் இதைச் சொல்லத் தயங்கமாட்டார்.

சிலிக்கான் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சுந்தரி அம்மா. முறுக்கினால் வெளுப்பது நிறமி, தடிமன், எவ்வளவு இழுக்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்தது. வெளுத்தால் சந்தேகப்படலாம், ஆனால் வெளுக்கவில்லை என்பதற்காகச் சுத்தம் என்று சொல்லமுடியாது. உள்ளே என்ன இருக்கிறது, எச்சிலில் என்ன கரைகிறது என்பதைக் கை சொல்லாது. வந்தவுடன் மோந்து பார்ப்பது அதைவிடப் பயன் தரும். வெந்நீரில் கழுவிய பிறகும் ரப்பர் நாற்றம் போகாவிட்டால் திருப்பி அனுப்ப அதுவே போதும்.

“FDA approved” என்பதும் அப்படித்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்ன கடைக்காரரின் சிலிக்கான் வளையத்துக்கு அனுமதி என்று சான்று தருவதில்லை. உணவைத் தொடும் ரப்பருக்கு அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள், அந்த விதிப்படி ஆய்வகத்தில் சோதிக்கலாம். “இந்த விதிப்படி சோதித்தது” என்று எழுதினால் அது ஒரு கூற்று, அறிக்கை கேட்கலாம். “approved” என்றால் வெறும் அலங்காரம்.

இளவரசி
இணையத்தில் பட்டியல் போடும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவள் நான். விற்பவர் பக்கம் சொல்கிறேன்.

பொருள் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று யார் விற்கிறார் என்பது, இன்னொன்று யார் அனுப்புகிறார் என்பது. தளத்தின் கிடங்கிலிருந்து வருகிறது என்பதால் தளமே பொறுப்பு என்று நினைக்கிறார்கள். அது வேகமாக வந்து சேரும் என்பதற்குத்தான் உத்தரவாதம். விற்பவரின் பெயரைச் சொடுக்கினால் அவரது பக்கம் திறக்கும். அங்கே முழு முகவரி இருக்கிறதா, வேறு என்ன விற்கிறார் என்று பாருங்கள். குழந்தைப் பொருளோடு கைபேசி உறை, தோட்டக் குழாய், முடிச்சாயம் எல்லாம் ஒரே கையில் இருந்தால் அவர் சந்தையில் ஓடுவதை எடுத்து விற்பவர். அவரிடம் சோதனை அறிக்கை இருக்க வாய்ப்புக் குறைவு.

மதிப்பீடு 4.6 என்கிறீர்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் பழைய கருத்துகளைத் தேதி வரிசையில் திறந்து, வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். ஒரு பழைய பட்டியலில் வேறு பொருளுக்கு வந்த கருத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தையும் தலைப்பையும் மட்டும் மாற்றி விற்பது நடக்கிறது. கிலுகிலுப்பைக்குக் கீழே “துணி மென்மையாக இருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். ஒரே பட்டியலில் பல நிறம், பல வடிவங்களைச் சேர்த்திருந்தாலும் கருத்துகள் கலந்துவிடும், அது ஏமாற்று இல்லை, ஆனாலும் உங்கள் வடிவத்துக்கான கருத்தை மட்டும் வடிகட்டிப் படியுங்கள்.

விற்பவருக்குக் கேள்வி அனுப்பும் பொத்தான் இருக்கும். வாங்கும் முன்பே இரண்டு வரி அனுப்புங்கள்: “சோதனை அறிக்கை வேண்டும். எந்த வயதுக்குச் சோதித்தது?”

மலர்விழி
அனுப்பிவிட்டேன். நவநீதன் சொன்னதைப் பார்த்தால் இந்திய ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதையே வாங்குவது நல்லதோ?

இளவரசி
இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். `CE`யைவிட அதில் ஒரு வசதி உண்டு, எண்ணைத் தேடிப் பார்க்கலாம். முத்திரைக்கு மேலே தர எண் (மின்சாரம் இல்லாத பொம்மைக்கு `IS 9873`), கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம எண். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் `BIS Care` செயலியைத் திறந்து `Verify Licence Details` பகுதியில் அந்த எண்ணைப் போடுங்கள். உரிமம் யார் பெயரில், எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுமா என்பதெல்லாம் வரும்.

எண் மெய்யாக இருப்பது மட்டும் போதாது. வேறொரு நிறுவனத்தின் செல்லும் எண்ணைக் களவாடி அச்சடித்தால் செயலியில் அழகாகப் பச்சையாகவே தெரியும். பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் செயலியில் வருவதோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. பொருள் நெகிழிப் பொம்மை, உரிமம் சிமெண்டுக்கு என்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

நவநீதன்
பெட்டியில் ஒரு பிராண்ட் பெயர், செயலியில் வேறு பெயர் வந்தால் போலி என்று முடிவு கட்டலாம்தானே?

இளவரசி
இல்லை, அங்கேதான் சிக்கல். பல பிராண்டுகள் வேறு தொழிற்சாலையில் செய்து வாங்குகின்றன. உரிமம் தொழிற்சாலைக்கு. அப்போது பெட்டியில் “தயாரித்தவர்” என்று அந்தத் தொழிற்சாலையின் பெயரும் “சந்தைப்படுத்துபவர்” என்று பிராண்டின் பெயரும் தனித்தனியாக இருக்கும். தயாரித்தவர் வரி ஒத்துப்போனால் எனக்குத் திருப்தி.

கதிரவன்
நான் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். தயாரித்தவர் வரி பட்டியலின் படத்தில் தெரியாவிட்டால் வாங்கமாட்டேன். பெட்டி கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குச் சரிப்படாது, திறந்ததும் குழந்தை பிடுங்கிக்கொள்ளும். இளவரசியின் முறையும் நடைமுறைக்கு ஒத்ததுதான். எல்லாப் பட்டியலிலும் பின்பக்கப் படம் கிடைப்பதில்லை.

மலர்விழி
விற்பவர் பதில் அனுப்பிவிட்டார். ஒரு அறிக்கை, நான்கு பக்கம். மேலே ஆய்வகத்தின் பெயர், எண், முத்திரை எல்லாம் இருக்கிறது. “EN 71-3, PASS” என்று பெரிதாக. இதை எப்படிப் படிப்பது?

கதிரவன்
நான்கு விஷயத்தைத் தேடுங்கள். மாதிரியின் படம் உங்கள் பொருள்தானா? விண்ணப்பித்தவர் யார்? `Age grade` என்ற வரியில் என்ன இருக்கிறது? எந்தப் பகுதிகள் சோதிக்கப்பட்டன?

கடைசியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். `EN 71-1` இயந்திரப் பண்புகள்: சிறு பாகம், கூர்முனை, இழுவிசை, நாடா எல்லாம் அதில்தான். `EN 71-2` தீப்பற்றுதல். `EN 71-3` சாயத்திலிருந்தும் பொருளிலிருந்தும் ஈயம், காட்மியம் போன்றவை எவ்வளவு கரைந்து வருகின்றன என்பது. உங்களுக்கு வந்தது மூன்றாவது மட்டும். சாயத்தில் ஈயம் இல்லை என்பதை அது சொல்லலாம். மணி கழன்று தொண்டையில் சிக்காது என்று ஒருபோதும் சொல்லாது.

மலர்விழி
`Age grade: 36 months+` என்று இருக்கிறது. படத்தில் இருப்பது மர உருண்டை மட்டும், வளையமோ மணியோ கயிறோ இல்லை.

கதிரவன்
அப்படியானால் முடிந்தது. மூன்று வயதுக்கு மேல் என்று சொல்லி, ஒரு பாகத்தை மட்டும் கொடுத்து, வேதியியல் சோதனையை மட்டும் செய்திருக்கிறார்கள். அறிக்கை மெய்யாகவே இருக்கலாம். ஆய்வகத்தின் தளத்தில் அறிக்கை எண்ணைப் போட்டால் அதுவும் தெரிந்துவிடும். ஆனாலும் ஐந்து மாதக் குழந்தைக்கு இந்தக் கிலுகிலுப்பை என்பதற்கு அதில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

இளவரசி
வாங்காவிட்டாலும் அந்தப் பட்டியலைத் தளத்தில் புகார் செய்யுங்கள். காரணங்களில் “பாதுகாப்புக் குறைபாடு” என்று தனியாக ஒன்று இருக்கும், பெட்டிப் படத்தையும் தலைப்பையும் சேர்த்து இணையுங்கள். பாலமுருகன், உங்களுக்கும் இதுவே. “பிடிக்கவில்லை” என்று குறித்துத் திருப்பினால் புட்டி மறுபடி அலமாரிக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகலாம்.

சுந்தரி அம்மா
அந்தப் படத்தை இத்தனை நாள் தப்பாகப் படித்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. அப்போ ஒன்று கேட்கிறேன். அம்பர் மணி மாலை போட்டால் பல் வலி தெரியாது என்று விற்கிறார்களே, அதில் கழற்ற முடியாத அளவுக்கு மணிக்கு மணி முடிச்சு போட்டிருக்கிறார்களே, அது பரவாயில்லையா?

கதிரவன்
வேண்டவே வேண்டாம் அம்மா. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் பல் முளைக்கும் மாலைகள், கைவளையங்கள் எல்லாவற்றுக்கும் எதிராக எச்சரித்தது. பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அம்பர் மாலையால் கழுத்து இறுகி இறந்ததை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். மணிக்கு மணி முடிச்சு இருந்தால் அறுந்தாலும் மணி சிதறாது, அது உண்மை. ஆனால் அறுந்தால்தானே கழுத்து தப்பும்?

பாலமுருகன்
கைவினைஞர் செய்யும் மரக் கிலுகிலுப்பையில் முத்திரையே இல்லையே. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இளவரசி
இந்தியாவில் பதிவுபெற்ற கைவினைஞருக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் கட்டாய முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லை என்பது மட்டும் குற்றம் ஆகாது.

கதிரவன்
விலக்கு உரிமத்துக்குத்தான், தொண்டைக்கு இல்லை. ஒரே மரத்தில் கடைந்ததா, ஒட்டியதா என்று கேளுங்கள். ஒட்டியதென்றால் எச்சிலில் பசை விட்டுவிடலாம். உள்ளே கலகலக்க என்ன போட்டிருக்கிறார், எந்த வழியாகப் போட்டு எப்படி அடைத்தார் என்றும் கேளுங்கள். அடைப்புத் தக்கை வெளியே வந்தால் உள்ளிருக்கும் சிறுகற்கள் நேராக வாய்க்குப் போகும். சாயம் பூசினாரா, அரக்கா, வெறும் எண்ணெயா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், அரக்குக்குள் என்ன நிறமி கலந்தார் என்பது செய்தவருக்கே பல சமயம் தெரியாது. எனக்கு அங்கேதான் தயக்கம்.

இளவரசி
நிறமே பூசாததை வாங்கினால் அந்தத் தயக்கம் தீருமே?

கதிரவன்
பாதி தீரும். நிறம் பூசாத மரம் ஈரத்தில் உப்பி, காயும்போது நார் எழும்பும், வெடிப்பும் விழும். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, துடைத்து நிழலில் காயவைக்கவேண்டும். வாரம் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்து, நகம் மாட்டும் அளவுக்கு வெடிப்புத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.